இரண்டாவது விமானம் வந்தால் முதல் விமானமும் போய்விடும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் சிலர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்ப ஒரு மனு தயாரித்தார்கள். தமிழைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எழுத்துப் பிழைகள் அதிகமில்லை. மூன்றாவது கோரிக்கையில்தான் நான் நின்றுவிட்டேன்: “சென்னை – சேலம் தடத்தில் ஒரே நிறுவனம் பறப்பதால் போட்டி இல்லை. இன்னொரு நிறுவனத்தையும் அதே தடத்தில் இறக்கி, கட்டணத்தைக் குறைக்க ஆவன செய்ய வேண்டும்.”

இந்தக் கோரிக்கை தவறானது. நிறைவேறினால் கேட்டவர்களுக்கே கேடு செய்யக்கூடியது. ஆனால் ஆவடி ரயிலிலும் பூந்தமல்லி டீக்கடையிலும் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆகவே மனுவில் ஒரு வரியை அடித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் வாதத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் பல நிறுவனங்கள் பறக்கின்றன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றதும் குறைக்கிறது. ஒரே கடை உள்ள தெருவில் கடைக்காரர் வைத்ததுதான் விலை. எதிரே இன்னொரு கடை வந்தால் இருவருமே இறங்கி வருவார்கள். சேலத்துக்கும் அதுவே பொருந்தும். ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு முதல் நிறுவனம் பறப்பதே சாட்சி. அப்படியிருந்தும் இரண்டாவது நிறுவனம் வரவில்லை என்றால், ஒன்று இரண்டும் உள்ளுக்குள் பேசி வைத்திருக்கின்றன. இல்லையென்றால் வெளியே நிற்கிற நிறுவனம் திறமையில்லாதது. இரண்டுக்குமே அரசு தலையிடுவதுதான் மருந்து.

டெல்லிக்கும் மும்பைக்கும் இது முழுக்கச் சரி. அங்கே இந்த வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சேலத்துக்கு இது ஏன் பொருந்தாது என்பது ஒரு விமானத்தின் இருக்கைகளை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இம்மாதிரி தடங்களில் பறப்பது ஏடிஆர் 72 என்னும் விசிறி விமானம். இண்டிகோ வைத்திருக்கும் வகையில் 78 இருக்கைகள். கணக்கு புரிவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு நடைக்கு, அதாவது ஒருவழிப் பயணத்துக்கு, எரிபொருள், விமானிகள், விமானத்தின் வாடகை, தரையிறங்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் செலவு. அந்த நேரத்துக்கு 60 பேர் கிடைக்கிறார்கள். வரி போக ஒருவரிடமிருந்து 3,500 ரூபாய் நிற்கிறது. வரவு 2 லட்சத்து 10 ஆயிரம். மிச்சம் 30 ஆயிரம்.

இப்போது இரண்டாவது நிறுவனமும் அதே விமானத்தோடு வருகிறது. போட்டியால் கட்டணம் 3,000 ஆகிறது. மலிவானதால் பத்துப் பேர் கூடுதலாக வருகிறார்கள். மொத்தம் 70 பேர். ஆளுக்குப் பாதியாக 35. வரவு 1 லட்சத்து 5 ஆயிரம், செலவு அதே 1 லட்சத்து 80 ஆயிரம். ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 75 ஆயிரம் நட்டம். பயணிகள் பாதியானதற்காகப் பாதி விமானத்தைப் பறக்கவிட முடியாது. எதிர்க்கடைக்காரர் வந்தால் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே 78 இருக்கையும் மேலே எழும்பித்தான் ஆகவேண்டும். இவ்வளவுதான் விஷயத்தின் வேர்.

தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் தினமும் நடப்பதை நினைத்துப் பாருங்கள். இருபுறமும் வண்டிகள் நிற்கும் சந்தில் எதிரெதிராக இரண்டு லாரிகள் நுழைகின்றன. இரண்டும் முன்னேறினால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். இரண்டுமே முனையில் நின்று காத்திருந்தால் சந்து காலியாகக் கிடக்கும். ஒன்று பின்வாங்கினால்தான் ஒன்று போகும். யார் பின்வாங்குவது? அதைச் சந்து சொல்லாது. ஆட்டக் கோட்பாட்டில் இதற்குச் சிக்கன் ஆட்டம் என்று பெயர். அதில் நிலைத்து நிற்கக்கூடிய முடிவுகள் இரண்டு உண்டு: அவர் உள்ளே, இவர் வெளியே, அல்லது இவர் உள்ளே, அவர் வெளியே. இரண்டுமே ஏறுமாறானவை. ஒரே மாதிரியான இரண்டு ஆட்கள் விளையாடினாலும் முடிவில் ஒருவருக்கு எல்லாம் கிடைக்கும், மற்றவருக்கு ஒன்றும் கிடைக்காது. மனு எழுதியவர்களை உறுத்துவது இந்த ஏறுமாறுதான். அதைக் குற்றத்தின் தடயமாக அவர்கள் படிக்கிறார்கள்.

மறுப்பு 1: பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது.

பேச வேண்டிய தேவையே இல்லை. கூட்டுச்சதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கேள்வியால் கண்டுபிடித்துவிடலாம்: வெளியே நிற்பவருக்கு உள்ளே வர ஆசை இருக்கிறதா?

கூட்டுச்சதியில் இருக்கும். நான்கு சிமெண்ட் ஆலைகள் பேசி வைத்து விலையை ஏற்றினால், ஒவ்வொரு ஆலைக்கும் ரகசியமாகக் கொஞ்சம் குறைத்து அதிகம் விற்றுவிடலாமே என்ற சபலம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சதிக்காரர்கள் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள், மீறினால் தண்டிக்கிறார்கள். சேலம் தடத்தில் வெளியே நிற்கும் நிறுவனத்துக்கு அப்படிச் சபலம் இல்லை. உள்ளே வந்தால் நடைக்கு 75 ஆயிரம் போகும்; வராவிட்டால் பூஜ்யம். எதிராளியின் முகத்தையே பார்க்காத, அவரோடு ஒரு வார்த்தை பேசாத மேலாளரும் வராமல்தான் இருப்பார். யாரும் காவல் காக்காமலேயே நிலைத்து நிற்கிற ஏற்பாட்டுக்குச் சதி என்று பெயர் வைத்தால், விசாரணை ஆணையம் தோண்டிக்கொண்டே இருக்கும். கிடைப்பது ஒன்றும் இராது.

மறுப்பு 2: திறமையுள்ளவர் உள்ளே இருப்பார், திறமையில்லாதவர் வெளியே நிற்பார் என்பது.

சேலத்தின் வரலாறே இதற்கு எதிர்ச்சாட்சி. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் அந்த விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2009இல் கிங்ஃபிஷர் பறக்கத் தொடங்கியது, 2011இல் நிறுத்திவிட்டது. பிறகு பல ஆண்டுகள் யாருமில்லை. 2018 மார்ச் 25 அன்று உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிறிய நிறுவனம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஏடிஆர் விமானங்கள். அப்போது இண்டிகோ நாட்டிலேயே மிகப்பெரிய நிறுவனம். அதன் கையிலும் ஏடிஆர் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் உள்ளே இருந்தது சிறியது, வெளியே நின்றது பெரியது. கொரோனா காலத்தில் தள்ளாடிய ட்ரூஜெட்டின் சேலம் சேவை 2021இல் நின்றது. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபர் இறுதியில் இண்டிகோ சேலத்துக்கு வந்தது.

திறமைதான் தீர்மானிக்கிறது என்றால் 2018இல் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? உடான் திட்டம் ஏலத்தில் தடத்தை எடுத்த நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுத் தனியுரிமை கொடுத்தது. அந்தக் காகிதம்தான், சந்தின் முனையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்போல, யார் முதலில் என்று கை காட்டியது.

கணக்கிலும் இதைப் பார்க்கலாம். பெரிய நிறுவனத்துக்குச் செலவு குறைவு என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் மதியம் சும்மா நிற்கும் விமானம் ஒன்று அதற்கு உண்டு. ஒரு நடைக்கு ஒன்றரை லட்சம்தான் ஆகிறது. தனியாகப் பறந்தால் அதற்கு 60 ஆயிரம் மிச்சம். இருவரும் பறந்தால் 45 ஆயிரம் நட்டம். சிறியதுக்குப் பழைய கணக்கே: தனியாக இருந்தால் 30 ஆயிரம், இருவரும் என்றால் 75 ஆயிரம் நட்டம். சிறியது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து, விமானத்தையும் ஆட்களையும் அங்கே கட்டிப்போட்டு, விலகமாட்டேன் என்று காட்டிவிட்டது. இப்போது பெரியது என்ன செய்யும்? வந்தால் 45 ஆயிரம் போகும், வராவிட்டால் ஒன்றும் போகாது. வராது. செலவு குறைந்தவர் வெளியிலும் செலவு கூடியவர் உள்ளேயும் இருக்கும் அந்த ஏற்பாடும் அசையாமல் நிற்கிறது.

பெரியது பணபலத்தால் ஓராண்டு நட்டத்தைத் தாங்கி, சிறியதை விரட்டலாமே என்று கேட்பீர்கள். விரட்டலாம். டெல்லி – மும்பை போன்ற தடத்துக்காக அது மதிப்புள்ள சண்டை. நடைக்கு 60 ஆயிரம் மிஞ்சும் தடத்துக்காக ஒருவர் எத்தனை மாதம் 45 ஆயிரம் எரிப்பார்? தடம் எவ்வளவு மெலிந்ததோ, அந்த அளவுக்குச் சண்டையில் வென்றாலும் கிடைக்கும் பரிசு சிறியது.

விமான நிறுவனங்கள் எந்தத் தடத்தில் நுழைகின்றன என்று ஆராய்ந்த பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் முட்டிக்கொண்ட இடமும் இதுதான். அமெரிக்காவின் சிறு ஊர்களை ஆராய்ந்த பிரெஸ்னஹானும் ரெய்ஸும் ஒரு வழி கண்டார்கள். ஓர் ஊர் எத்தனை கடைகளைத் தாங்கும் என்ற எண்ணிக்கையை ஓரளவு கணிக்கலாம். யாருடைய கடை என்பதைக் கணிக்கத் தேவையில்லை. விமானத் தடங்களை எடுத்துக்கொண்ட சிலிபெர்ட்டோவும் டாமரும் 2009இல், ஒரே சூழ்நிலைக்குப் பல முடிவுகள் பொருந்தும் என்பதை ஒப்புக்கொண்டே கணக்கைத் தொடங்கினார்கள். எத்தனை பேர் என்பதைத் தடம் சொல்லும். யார் என்பதை யார் முதலில் வந்தார், யார் கையில் உரிமம் இருந்தது என்பவைதான் சொல்கின்றன. வெளியே நிற்பவரைத் திறமையற்றவர் என்று ஏசுவதற்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை.

மறுப்பு 3: அரசு கதவைத் திறந்துவிட்டால் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது.

யார் முதலில் என்று யாரும் கை காட்டாவிட்டால் என்ன ஆகும்? விமான அட்டவணை ஆண்டுக்கு இருமுறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பாக இரண்டு நிறுவனங்களும் தனித்தனி அறையில் உட்கார்ந்து, எதிராளி என்ன செய்வார் என்று தெரியாமலே, இந்த விமானத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே செலவு. முதல் கணக்கில் சொன்ன 30 ஆயிரம் லாபம், 75 ஆயிரம் நட்டம். இந்த நிலையில் ஒவ்வொருவரும் பகடை உருட்டுவதுபோலத்தான் முடிவெடுக்க முடியும். நுழைவதும் நுழையாததும் சமம் என்று எதிராளிக்குத் தோன்றுகிற அளவுக்கு நுழைய வேண்டும். அந்த அளவு ஏழில் இரண்டு. சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு: எதிராளி ஏழில் ஐந்து முறை வரமாட்டார், அப்போது 30 ஆயிரம், ஏழில் இரண்டு முறை வருவார், அப்போது 75 ஆயிரம் நட்டம். இரண்டும் சரியாக ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

ஏழில் இரண்டு என்றால் பயணிக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். இருவரும் வராத வாய்ப்பு நாற்பத்தொன்பதில் இருபத்தைந்து. அதாவது பாதிக்கு மேல். நடைக்கு 30 ஆயிரம் மிஞ்சக்கூடிய தடம், 60 பேர் பெட்டியோடு தயாராக நிற்கும் தடம், பாதிப் பருவங்களில் காலியாகக் கிடக்கும். நூற்றுக்கு எட்டு தடவை இருவரும் வந்து மோதி இருவருமே காயப்படுவார்கள். சரியாக ஒருவர் பறக்கும் நல்ல நிலை நூற்றுக்கு நாற்பத்தொரு தடவைதான். மோதல் லாபத்தைவிட அதிகமாக வலிப்பதால் எல்லோரும் பதுங்குகிறார்கள். மெலிந்த தடத்தில் திறந்த கதவு கொண்டுவரும் பெரிய ஆபத்து கட்டண உயர்வு என்று நினைக்காதீர்கள். விமானமே இல்லாமல் போவதுதான்.

பெரியது சிறியது என்ற இரண்டாவது கணக்கை இங்கே கொண்டுவந்தால் விளைவு இன்னும் விசித்திரம். செலவு கூடிய சிறிய நிறுவனம் ஏழில் நான்கு முறை நுழையும். செலவு குறைந்த பெரியது ஏழில் இரண்டு முறைதான் நுழையும். பெரியதுக்கு இழப்பு குறைவு என்பதால், அதைத் தயங்க வைக்கச் சிறியது அடிக்கடி வந்தாக வேண்டியிருக்கிறது. சந்தையை அதன் போக்கில் விட்டால் தகுந்தவர் தானாக முன்னே வருவார் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

2021க்கும் 2023 அக்டோபருக்கும் இடையில் சேலத்தில் இருந்தது அந்த ‘இருவரும் வராத’ நிலை. கொரோனாவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2022இன் பிற்பகுதியில் நாட்டில் மற்ற தடங்கள் நிரம்பி வழிந்தபோதும் சேலம் நிலையம் சென்னை விமானம் இல்லாமல்தான் கிடந்தது.

உடான் திட்டமே தோற்றதற்கு இந்திய தணிக்கைத் துறையின் 2023 அறிக்கையைக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த எண்கள் கசப்பானவைதான். மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டு சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் உயிரோடு இருந்தவை 54. ஆனால் இதை வைத்துத் தனியுரிமையை எடுத்துவிடு, இரண்டாம் நிறுவனத்தை விடு என்று முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம்? மானியமும் கொடுத்து, எதிராளியையும் மூன்று ஆண்டுகள் தடுத்து வைத்தபோதே இவ்வளவுதான் தேறியிருக்கிறது. எதிராளியையும் உள்ளே விட்டால் 54 என்பது எத்தனையாக ஆகியிருக்கும்?

மறுப்பு 4: தனி ஆள் என்றால் கொள்ளையடிப்பார் என்பது.

இந்த ஒரு பயம் நியாயமானது. நம் மேற்குப் புறநகரிலிருந்தே அளந்து பார்ப்போம்.

என் நண்பர் ஒருவர் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். மாதத்தில் இரண்டு முறை சேலம் போவார். விமானத்தில் போகும் நாளில் அம்பத்தூரிலிருந்து பைபாஸ் பிடித்து மீனம்பாக்கம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குகிறார். மதுரவாயலில் மாட்டிக்கொண்டால் அதுவும் போதாது. பறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். பறக்க ஒரு மணி நேரம். காமலாபுரத்தில் இறங்கி சேலம் நகருக்குள் வர இன்னும் முக்கால் மணி நேரம். மொத்தம் நாலரை மணி. ரயிலில் போகும் நாளில், மின்சார ரயில் பிடித்து சென்ட்ரல் போகிறார். அங்கிருந்து 2023 ஏப்ரலில் வந்த கோவை வந்தே பாரத். சேலத்துக்கு மூன்றரை மணி நேரம். மின்சார ரயிலையும் காத்திருப்பையும் சேர்த்தால் அதே நாலரை மணிதான். எந்த வண்டி என்று அவர் தீர்மானிப்பது அன்றைய விமானக் கட்டணத்தைப் பார்த்து. “நாலாயிரத்தைத் தாண்டினா நான் ரயிலுக்குப் போயிடுவேன் சார்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் போட்டி இருக்கிறது. சேலம் விமானத்துக்குப் போட்டி இன்னொரு விமானம் இல்லை, தண்டவாளம். தனி நிறுவனம் கட்டணத்தை இரட்டிப்பாக்கினால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆட்கள் மொத்தமாக நழுவிவிடுவார்கள். 60 பேரில் பாதிகூடத் தேறமாட்டார்கள். தீபாவளி, பொங்கல் நாட்களில் மட்டும் இந்தத் தடுப்பு உடையும், ஏனென்றால் அன்று ரயிலிலும் இடம் இருக்காது. அந்த நாட்களுக்குக் கட்டண உச்சவரம்பு கேளுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆண்டில் சில நாள் வலிக்காக 365 நாள் விமானத்தையும் பணயம் வைக்கச் சொன்னால் மாட்டேன்.

மறுப்பு 5: யாழ்ப்பாணத்துக்கு மட்டும் எப்படி இரண்டு நிறுவனம் வந்தது என்பது.

நல்ல கேள்வி. போரூர், வளசரவாக்கம் பக்கம் ஈழத்து உறவுகள் உள்ள குடும்பங்கள் பல உண்டு. அவர்களிடமிருந்துதான் இது முதலில் வந்தது. பலாலியில் விமான நிலையம் திறந்ததும் 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று வாரத்துக்கு நான்கு நாள் என்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் தினசரி பறக்க வந்தது. ஒருவர் இருந்த தடத்தில் இரண்டாமவர் நுழைந்துவிட்டாரே, உன் சிக்கன் ஆட்டம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் கிடையாது; கொழும்பு சுற்றிப் போனால் ஒரு நாள் போய்விடும். அதனால் கட்டணம் குறைந்தால் புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேரோடு நிற்கமாட்டார்கள். அலையன்ஸ் ஏர் அரசுக்குச் சொந்தமானது. லாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்து நடப்பதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து கணக்கில் உள்ள எண்களையே மாற்றிவிடுகின்றன. இருவரும் வந்தாலும் இருவருக்கும் ஏதோ மிஞ்சும் என்ற நிலை வந்துவிட்டால் அது சிக்கன் ஆட்டமே இல்லை. அங்கே போட்டியை நானும் வரவேற்பேன். ஒரு தடம் எப்போது அந்த எல்லையைத் தாண்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தைக் காட்டிச் சேலத்துக்குக் கேட்பது, சேலத்தின் 60 பேரை எண்ணாமலே கேட்பது.

தாண்டிவிட்டதா என்று வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இரண்டாவது நிறுவனம் முதலாமவரின் நேரத்திலிருந்து விலகி, அவர் காலை என்றால் இவர் மாலை என்று அட்டவணை போட்டால், இரண்டு விதமான பயணிகள் இருக்கிறார்கள் என்று நம்பி வந்திருக்கிறார். அதே மணிக்குப் பத்து நிமிடம் முன்பாகப் போட்டால் அது மோதல். ஒருவரை ஓட வைக்கும் நோக்கம். முன்பதிவு எத்தனை மாதத்துக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பருவத்துக்கு அப்பால் சீட்டு விற்காதவர் விலகும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். ஏழு நாள் நான்கு நாளாகி, “செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து” என்ற குறுஞ்செய்தி வாரத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினால், பின்வாங்குவது யார் என்று முடிவாகிவிட்டது என்று பொருள். அத்தகைய சண்டையில் இருவருமே சோர்ந்து அடுத்த பருவத்தில் விமானத்தை வேறு ஊருக்கு மாற்றுவதும் நடக்கும். மலிவுக் கட்டணத்தில் ஆறு மாதம் பறந்த பயணிக்கு ஏழாவது மாதம் மீண்டும் சென்ட்ரல்தான்.

தனியுரிமை கொடுத்த விதத்திலும் குறை இருக்கிறது. அதை மறைத்தால் நானும் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். உடான் யார் உள்ளே என்பதைத் தீர்மானித்தது. அவர் போனால் அடுத்து யார் என்பதைத் தீர்மானிக்கவில்லை. முதல் லாரி பழுதாகி நின்றதும் காவலர் வீட்டுக்குப் போய்விட்டார். முனையில் நிற்கும் மற்ற லாரிகள் மறுபடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சேலத்தின் இரண்டாண்டு வெறுமை அங்கே பிறந்தது. ஏலத்தில் இரண்டாவதாக வந்தவரின் பெயரையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, முதலாமவர் தொடர்ந்து இத்தனை நாள் பறக்காவிட்டால் உரிமை தானாக அவருக்குப் போகும் என்று வைத்திருக்கலாம். போகும் எண்ணம் இருந்தால் ஒரு பருவத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் வைப்புத்தொகை போகும் என்றும் வைத்திருக்கலாம். உரிமை முடிகிற ஆண்டில் பயணிகளை எண்ணி, தடம் இருவரைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால் அப்போது கதவைத் திறக்கலாம்.

பட்டறைக்காரர்களோடு இரண்டு மாலைகள் பேசினேன். ஒருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே கம்பெனிக்கு அரசே காவல் நிற்பதா என்று கோபமாகவே கேட்டார். மற்றவர்கள் சம்மதித்து மூன்றாவது கோரிக்கையை அடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது இது: “சென்னை – சேலம் தடத்தில் பறக்கும் உரிமையைக் காலவரையறையுடன் ஒரு நிறுவனத்துக்கு ஏலத்தில் வழங்கி, அந்நிறுவனம் சேவையை நிறுத்தினால் முப்பது நாட்களுக்குள் பொறுப்பேற்கும் மாற்று நிறுவனத்தின் பெயரையும் அதே ஆணையில் அறிவிக்க வேண்டும். பண்டிகை நாட்களுக்குக் கட்டண உச்சவரம்பு நிர்ணயிக்க வேண்டும்.” கையெழுத்துப் போட மறுத்தவருக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன்.